13 வாட் தூக்கம்

2013 இறுதியில் எக்ஸ்பாக்ஸ் ஒன் விற்பனைக்கு வந்தபோது, சோபாவில் சாய்ந்தபடியே ‘எக்ஸ்பாக்ஸ் ஆன்’ என்று சொன்னால் போதும், பெட்டி விழித்துக்கொள்ளும் என்பதை மைக்ரோசாஃப்ட் பெரிய வசதியாகக் காட்டியது. அந்த இரண்டு சொற்களைக் கேட்பதற்காக அது இரவு பகலாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மின்சாரமும் வேண்டியிருந்தது. 2014-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான என்.ஆர்.டி.சி. மீட்டர் வைத்து அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தக் கன்சோல் ஓராண்டில் எடுக்கும் மின்சாரத்தில் கிட்டத்தட்டப் பாதி, யாரும் விளையாடாத நேரத்தில் செலவாகிறது என்றது அந்த அறிக்கை.

குரலுக்காகக் காத்திருக்கும் வழக்கம் பிறகு மங்கிப்போனது. ஆனால் ‘உடனே விழிக்க வேண்டும்’ என்ற ஆசை போகவில்லை. 2020 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்சோலிலும் அது இருக்கிறது. முன்பு இன்ஸ்டன்ட் ஆன் என்று அழைத்தார்கள், இப்போது ஸ்லீப் என்கிறார்கள். அந்த நிலையில் கன்சோல் 10 முதல் 15 வாட் வரை எடுக்கும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. இதற்கு மாற்றாக உள்ள ஷட்டவுன் நிலையில் சுமார் அரை வாட்தான்.

பெயர் தூக்கம் என்றாலும் உள்ளே பலதும் விழித்திருக்கும். இயங்குதளம் மெமரியிலேயே அப்படியே நிற்கும். மெமரியில் இருப்பது அழியாமலிருக்க அதற்குத் தொடர்ந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும். செல்போன்களில் இதற்கென்றே சிக்கனமான மெமரி வைக்கிறார்கள். கன்சோலில் இருப்பது வேகத்துக்காகச் செய்த கிராபிக்ஸ் மெமரி, அதுவும் 16 ஜி.பி. கூடவே நெட்வொர்க் இணைப்பு உயிரோடு இருக்கும், யு.எஸ்.பி. துளைகளிலும் மின்சாரம் வந்துகொண்டிருக்கும்.

13 வாட் என்பது ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவுதானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் விளையாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 22 மணி நேரம் கன்சோல் தூங்குகிறது. 13 வாட் கணக்கில் ஒரு நாளைக்கு 286 வாட்-மணி, ஆண்டுக்கு ஏறத்தாழ 104 யூனிட். விளையாடும்போது சீரிஸ் எக்ஸ் ஆட்டத்தைப் பொறுத்து 150 முதல் 200 வாட் வரை எடுக்கும். 170 என்று வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு 340 வாட்-மணி, ஆண்டுக்கு 124 யூனிட். ஆக, ஆடியதற்கான செலவும் ஆடாமல் கிடந்ததற்கான செலவும் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. வார இறுதியில் மட்டும் விளையாடுகிறவர் வீட்டில் தூக்கச் செலவு, ஆட்டச் செலவை எங்கோ தாண்டிப் போய்விடும். அதே 22 மணி நேரம் ஷட்டவுனில் இருந்தால் ஆண்டு முழுவதற்கும் 4 யூனிட்.

யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 104 யூனிட்டுக்கு ஆண்டுக்கு 830 ரூபாய் சொச்சம். குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகை இல்லைதான். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். தூக்கத்தின் பங்கு அதில் 17 யூனிட். வழக்கமாக 490 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 17 சேர்ந்தால் மீட்டர் 500-ஐத் தாண்டும். தாண்டியவுடன் கடைசி 7 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளும் வேறு விகிதத்துக்கு மாறிவிடும். அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்கு 17 யூனிட்டின் உண்மையான விலை மேலே போட்ட கணக்கைவிட அதிகம்.

சரி, இவ்வளவு செலவழித்து என்ன கிடைக்கிறது? பழைய கன்சோல்களில் இதற்குத் தெளிவான பதில் இருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். முழுக்க அணைத்துவிட்டுப் போட்டால் திரை வருவதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். சீரிஸ் எக்ஸில் எஸ்.எஸ்.டி. வந்து அந்தக் காத்திருப்பைப் பெருமளவு தின்றுவிட்டது. ஸ்லீப்பிலிருந்து சில நொடிகள், ஷட்டவுனிலிருந்து சுமார் 15, 20 நொடிகள். 2022-ல் தொடக்க அனிமேஷனையும் மைக்ரோசாஃப்ட் ஐந்து நொடி போலக் குறைத்தது. தினமும் 15 நொடி மிச்சம் என்றால் ஆண்டுக்கு ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு 100 யூனிட் மின்சாரம் என்பதுதான் இங்கே பேரம்.

பலர் ஸ்லீப்பை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேகம் இல்லை, பயம். அணைத்தால் பாதியில் நிறுத்திய ஆட்டம் போய்விடுமோ, இரவில் அப்டேட் இறங்காதோ என்ற பயம். இரண்டும் இன்று சீரிஸ் எக்ஸுக்குப் பொருந்தாது. குவிக் ரெஸ்யூம் ஆட்டத்தின் நிலையை எஸ்.எஸ்.டி.யில் எழுதி வைக்கிறது. பிளக்கைப் பிடுங்கி மறுநாள் செருகினாலும், அந்த வசதியுள்ள ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கும். 2022 முதல் ஷட்டவுன் நிலையிலும் இரவு நேர அப்டேட்டுகள் இறங்குகின்றன. கன்சோல் தானே விழித்து, வேலையை முடித்து, மறுபடி அணைந்துவிடும். 2023 ஜனவரியில் ஒரு அப்டேட் மூலம் சீரிஸ் எக்ஸ், எஸ் கன்சோல்களை மைக்ரோசாஃப்டே ஷட்டவுனுக்கு மாற்றத் தொடங்கியது. எது இருக்கிறது என்று பார்க்க `Settings` உள்ளே `General`, அதில் `Power options`.

ஷட்டவுனில் உண்மையாகவே இழப்பது ஒன்று உண்டு. வெளியிலிருந்து செல்போன் வழியாகக் கன்சோலை எழுப்பி விளையாடுவது, செல்போன் ஆப்பிலிருந்து புது ஆட்டத்தை இறக்கச் சொல்வது ஆகிய தொலைதூர வசதிகள் கிடைக்காது. கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தி எழுப்புவது மட்டும் வழக்கம்போல நடக்கும். ஊருக்குப் போன இடத்திலும் போனில் கன்சோலைத் திறந்து ஆடுகிற ஆள் ஸ்லீப்பை வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பிளேஸ்டேஷன் 5 கதை கொஞ்சம் வேறு. அது வருவதற்கு முன்பே, 2019-ல், ஆட்டத்தை நிறுத்திவைத்த நிலையில் அரை வாட் அளவில் இருக்க முடியும் என்று சோனி அறிவித்தது. அந்த அரை வாட், கூடுதல் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்தால்தான். `Features Available in Rest Mode` என்ற பக்கத்தில் இணைய இணைப்பையும் யு.எஸ்.பி. மின்சாரத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். கட்டுப்பாட்டுக் கருவியை இரவில் சார்ஜ் போடுகிறவர்கள் யு.எஸ்.பி.க்கு `3 Hours` வைத்தால் போதும், `Always` தேவையில்லை. இதில் நிறுத்திவைத்த ஆட்டம் மெமரியில்தான் இருக்கும் என்பதால் கரண்ட் போனால் அதுவும் போகும். கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் எழுந்திருக்கும் முன் ஒருமுறை சேமித்துவிடுவது நல்லது.

வீட்டிலேயே அளக்க, பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே மாட்டும் மின் மீட்டர் போதும். ஆனால் அணைத்த உடனே திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. கன்சோல் அப்போது ஏதாவது இறக்கிக்கொண்டிருந்தால் பல பத்து வாட் காட்டும். மலிவான மீட்டர்கள் ஒரு வாட்டுக்குக் கீழே போனால் தடுமாறவும் செய்யும். இரவு பத்து மணிக்கு யூனிட் எண்ணைக் குறித்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு மறுபடி பார்ப்பது சரியான வழி. பத்து மணி நேரத்தில் 0.13 யூனிட் கூடியிருந்தால் அது ஸ்லீப்பில் கிடக்கிறது. எண் நகரவே இல்லை அல்லது 0.01 மட்டும் கூடியிருக்கிறது என்றால் ஷட்டவுன். நடுவில் 0.05 போல ஏதாவது வந்தால், ராத்திரி ஓர் அப்டேட் இறங்கியிருக்கும்.