குடல் உள்ள கேமரா: ஜப்பானியத் தட்டச்சுப் பிழைகளை எப்படிப் படிப்பது

ஜப்பானிய மொழியில் ஒரு மடிக்கணினியைப் பற்றிய குறிப்பை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால், சில சமயம் "கேமரா உள்ளுறுப்புகள்" என்று பதில் வரும். குடல், ஈரல் எல்லாம் சேர்ந்த உள்ளுறுப்புதான். கருவி ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்திருக்கிறது, எழுதியவர்தான் 内蔵 என்று எழுத வேண்டிய இடத்தில் 内臓 என்று எழுதிவிட்டார். இரண்டையும் "நைஸோ" என்றுதான் படிக்க வேண்டும். முதலாவதற்கு "உள்ளே பொருத்தப்பட்ட" என்று பொருள், இரண்டாவதற்கு உள்ளுறுப்பு. உற்றுப் பார்த்தால், இரண்டாவது எழுத்தின் இடது பக்கத்தில் உடலைக் குறிக்கும் ஒரு சின்ன உறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மென்பொருள் வேலையில் ஜப்பானியர்களோடு மின்னஞ்சல் எழுதிய யாருக்கும் இந்த மாதிரிப் பிழைகள் பழக்கமாக இருக்கும். 仕様 என்றால் மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறை. 使用 என்றால் பயன்பாடு. இரண்டும் "ஷியோ" தான். ஒருவர் இதை மாற்றி எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து "வரையறை மாற்றம்" என்று தேடுபவருக்கு அந்த அஞ்சல் அகப்படவே அகப்படாது. இதை வெறும் எழுத்துப்பிழை என்று விட்டுவிட முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான். எழுத்து தப்பு என்று கணினிக்குத் தெரியாது. ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தும் சரியானது, ஒவ்வொரு சொல்லும் அகராதியில் இருக்கிறது.

கைப்பேசியில் ஜப்பானியம் எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்தால் இது ஏன் நடக்கிறது என்று புரிந்துவிடும். திரையில் பழைய தொலைபேசி போலப் பன்னிரண்டு கட்டங்கள். அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசைக்கு ஒரு கட்டம். (நமக்குப் பழகிய வரிசை மாதிரி இருக்கிறதே என்றால், ஆமாம். சமஸ்கிருத எழுத்தைப் படித்த புத்தத் துறவிகள் வழியாக அங்கே போன வரிசைதான் இது.) 'க' கட்டத்தைத் தொட்டால் க. தொட்டு இடது பக்கம் இழுத்தால் கி, மேலே கு, வலது பக்கம் கெ, கீழே கொ. இப்படி ஒலியை மட்டும் அடிக்கிறோம். வருவது கானா என்னும் ஒலியெழுத்து. அதை காஞ்சி என்னும் சீன எழுத்தாக மாற்றுவது மென்பொருளின் வேலை. அந்த மாற்றத்துக்கு ஹென்கன் என்று பெயர், தப்பாக மாறினால் கோஹென்கன். (காஞ்சிபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

ஒரே ஒலிக்கு ஏன் இத்தனை சொற்கள்? சீனத்திலிருந்து சொற்கள் வந்தபோது, அங்கே அவற்றைப் பிரித்துக் காட்டிய ஏற்ற இறக்கத் தொனிகள் ஜப்பானிய வாயில் தங்கவில்லை. வெவ்வேறாக ஒலித்தவை ஒன்றாகிவிட்டன. எழுத்து மட்டும் வேறாகவே இருந்துவிட்டது. நாம் ஆங்கில எழுத்தில் manam என்று அடித்தால் மனமா மணமா என்று மென்பொருள் கேட்கிறது இல்லையா, அந்தத் தொல்லை அவர்களுக்கு ஒவ்வொரு வரியிலும் உண்டு.

மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதில்லை. திறந்த மூலமாகக் கிடைக்கும் Mozc போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டால், அது உள்ளே வந்த ஒலிச்சரத்தை எப்படியெல்லாம் சொற்களாக வெட்டலாமோ அப்படியெல்லாம் வெட்டிப் பார்க்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விலை. பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்கள் ஒட்டுவதற்கு ஒரு விலை. மொத்த விலை குறைவான பாதையை முதல் பரிந்துரையாகக் காட்டும். வெட்டும் இடம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. ஜப்பானில் காஞ்சித் தேர்வு நடத்தும் அமைப்பு 2005இல் இந்த மாதிரிப் பிழைகளுக்கென்றே ஒரு போட்டி வைத்தது. அதில் பரிசு வாங்கியது, "இந்த வருஷத்திலிருந்து வெளிநாட்டில் குடியிருக்கிறேன்" என்ற வாக்கியம். அது மாறியபோது "இந்த வருஷத்திலிருந்து சிப்பி வயிற்றில் குடியிருக்கிறது" என்று ஆகிவிட்டது. 'கைகைனி' என்றால் வெளிநாட்டில். அதையே 'கை க இ னி' என்று வெட்டினால் சிப்பி, வயிற்றில்.

ஆனால் நீளமாக அடித்தால் இன்றைய மென்பொருள் பெரும்பாலும் சரியாகவே மாற்றுகிறது. "அட்சுய்" என்ற ஒலிக்கு வெயில் சூடு (暑い), தொட்டால் சுடும் சூடு (熱い), தடிமன் (厚い) என்று மூன்று எழுத்துகள் இருந்தாலும், "புத்தகம் அட்சுய்" என்று முழுதாகக் கொடுத்தால் தடிமனைத்தான் எடுக்கும். பிரச்சினை எங்கே என்றால், கைப்பேசியில் யாரும் அப்படி அடிப்பதில்லை. இரண்டு மூன்று எழுத்து அடித்ததுமே மேலே பரிந்துரைகள் வரிசையாக வந்து நிற்கின்றன, கட்டைவிரல் முதலில் இருப்பதைத் தட்டிவிடுகிறது. துண்டு துண்டாகக் கொடுத்தால் மென்பொருளுக்குச் சூழல் கிடைப்பதில்லை. போதாததற்கு, நீங்கள் கடைசியாக எதைத் தட்டினீர்களோ அதை நினைவில் வைத்து அடுத்த முறை முன்னால் நிறுத்தும். ஒருமுறை தப்பாகத் தட்டினால் அந்தத் தப்பு குடியேறிவிடும்.

இனி ஒரு குறிப்பைப் பார்ப்போம். வாக்கியங்கள் நான் கோத்தவை. பிழைகள் மட்டும் அங்கே தினமும் கண்ணில் படுகிறவை.

```
始めて金沢に行った。
駅前の店は以外と安かった。
店の人の話しが面白くて、
時間が短かく感じられた。
```

சொல்ல வந்தது இது: "முதல் தடவையாக கனஸாவாவுக்குப் போனேன். ரயிலடிக் கடை எதிர்பாராத அளவுக்கு மலிவாக இருந்தது. கடைக்காரர் பேச்சு சுவாரசியமாக இருந்ததால் நேரம் போனதே தெரியவில்லை."

முதல் சொல் 'ஹஜிமெதே'. முதல் தடவை என்றால் 初めて என்று வர வேண்டும். இங்கே இருப்பது 始めて, அதாவது "தொடங்கி". இரண்டாம் வரியில் 'இகய்தோ'. எதிர்பாராத என்பதற்கு 意外と, இங்கே இருப்பதோ 以外と, அதாவது "தவிர". மொழிபெயர்ப்புக் கருவி இங்கே "மலிவைத் தவிர" என்று எதையாவது உளறினால் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு ஜப்பானியர் இந்த வரியில் ஒரு நொடிதான் தடுமாறுவார். மனதுக்குள் வாசித்துப் பார்த்தால் ஒலி சரியாக இருக்கிறதே! ஒலி சரி, பொருள் தப்பு என்றால் அது மாற்றத்தில் வந்த பிழை. கையால் எழுதிய காலத்துப் பிழைகளில் பாதி வேறு விதம். ஒரு கோடு விட்டுப்போகும், அல்லது பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு எழுத்து வந்துவிடும். அவை கண்ணால் பிடிபடும். இவை காதால்தான் பிடிபடும்.

மூன்றாம், நான்காம் வரிகளில் இருப்பது வேறு சரக்கு. இதைப் புரிந்துகொள்ள ஒகுரிகானா என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஜப்பானிய வினைச்சொல்லில் அடிச்சொல்லைக் காஞ்சியிலும், மாறும் விகுதியைக் கானாவிலும் எழுதுவார்கள். "போனான், போவான், போக" என்பதில் "போ" மட்டும் ஒரு சித்திர எழுத்து, மீதி சாதாரண எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதிதான் ஒகுரிகானா. எந்த இடத்தில் காஞ்சி முடிந்து கானா தொடங்க வேண்டும் என்பதற்கு 1973இல் அரசு வெளியிட்ட விதிமுறை இருக்கிறது. அதில் பொது விதி, விதிவிலக்கு, "இப்படியும் எழுதலாம்" என்ற அனுமதி என்று மூன்றும் உண்டு.

'ஹனஷி' என்றால் பேச்சு, கதை. பெயர்ச்சொல்லாக வரும்போது 話 என்று காஞ்சி மட்டும் போதும். பேசு என்ற வினையின் வடிவமாக வந்தால்தான் 話し என்று வால் வேண்டும். "கடைக்காரரின் பேச்சு" பெயர்ச்சொல் என்பதால் வால் கூடாது. கைப்பேசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இங்கே எழுதியவரும் மென்பொருளும் பாதிப் பாதி குற்றவாளிகள்.

短かく அப்படி இல்லை. 'மிஜிகய்' என்றால் குட்டையான, குறுகிய. மாறாத பகுதி 'மிஜிக', அது முழுவதும் 短 என்ற எழுத்துக்குள் அடக்கம். ஆகவே 短い, 短く என்றுதான் எழுத வேண்டும். நடுவில் அந்த か எப்படி வந்தது? இறந்தகால வடிவத்திலிருந்து. அது 'மிஜிககத்தா', எழுத்தில் 短かった. அங்கே か சரிதான், ஆனால் அது 'கத்தா' என்ற விகுதியைச் சேர்ந்தது. கண் அதை அடிச்சொல்லின் பகுதி என்று எடுத்துக்கொண்டு மற்ற வடிவங்களுக்கும் கொண்டுபோகிறது. சாதாரணமாக இந்தச் சொல்லை ஒலியாக அடித்தால் 短く தான் முதலில் வரும். ஆகவே 短かく என்று கண்டால், எழுதியவர் 短 என்பதைத் தனியாக எடுத்துவிட்டு வாலைக் கையால் ஒட்டியிருக்கிறார் என்று ஊகிக்கலாம். 以外 கட்டைவிரலின் அவசரத்தைக் காட்டுகிறது என்றால், இது எழுதியவர் மனதில் அந்தச் சொல் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இந்தத் துப்பறிதலுக்கு ஓர் எல்லை உண்டு. 以外と ஒரே ஒரு தடவை வந்திருந்தால் அவசரமா அறியாமையா என்று சொல்ல முடியாது. நீளமான எழுத்தில் ஒரு இடத்தில் சரியாகவும் இன்னோர் இடத்தில் தப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் அவசரம். எல்லா இடத்திலும் தப்பாக இருந்தால் அவருக்கே தெரியாமல் இருக்கலாம், அல்லது அவருடைய கைப்பேசி அந்தத் தப்பைக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

பிழை போலத் தெரிந்து பிழையே இல்லாததும் உண்டு. 'ஒகொனாவு', அதாவது நடத்து. விதிப்படி 行う. ஆனால் 行なう என்றும் எழுதலாம் என்று அந்த 1973 விதிமுறையே அனுமதிக்கிறது. ஜப்பானியம் புதிதாகப் படித்தவர்கள் இதைப் பார்த்ததும் சிவப்பு மையை எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் இருப்பதே நல்லது. 'போ' என்ற சொல்லுக்கும் இதே காஞ்சிதான் (行く), இறந்தகாலத்தில் இரண்டும் 行った என்று ஒன்றாகிவிடுகின்றன. நம் குறிப்பின் முதல் வரியில் ஊர்ப்பெயரும் வேற்றுமை உருபும் முன்னால் நிற்பதால் குழப்பமில்லை, போனேன் என்பதுதான். ஆனால் 3月に行った工場見学 என்று ஒரு அறிக்கையில் வந்தால்? "மார்ச்சில் நாங்கள் போன தொழிற்சாலைப் பார்வை" என்றும் படிக்கலாம், "மார்ச்சில் நாங்கள் நடத்திய தொழிற்சாலைப் பார்வை" என்றும் படிக்கலாம். விருந்தாளியா, வீட்டுக்காரரா? அந்த வரியை உரக்கப் படிக்கும் மென்பொருளும் 'இத்தா', 'ஒகொனாத்தா' இரண்டில் ஒன்றை ஊகித்தே ஆக வேண்டும். நடுவில் な சேர்த்து 行なった என்று எழுதியவர் அந்தக் கேள்வியே எழாமல் செய்துவிடுகிறார்.