ஆபீஸ் செலவில் கோர்ஸ் படிக்கணுமா? மேனேஜருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க!

"சார், இந்த கோர்ஸ் படிச்சா என் கரியருக்கு ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கும். கம்பெனி ஃபீஸ் கட்டுமா?"

பெரும்பாலான கோரிக்கைகள் இந்த ஒரு வரியிலேயே படுத்துவிடுகின்றன. மேனேஜர் கெட்டவர் என்பதால் அல்ல. 'என் கரியருக்கு' என்றதுமே அவர் காதில் விழுவது, 'படிச்சிட்டு வேற வேலைக்குப் போயிடுவேன்' என்பதுதான். அவர் சரின்னு சொன்னாலும், பணம் ஒதுக்க வேண்டியவர் அவருக்கும் மேலே இருக்கும் இன்னொருவர். 'எதுக்கு இந்தச் செலவு?' என்று அவர் கேட்டால், மேனேஜர் கையில் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்த பதிலை நீங்களே தயார் செய்து கொடுப்பதுதான் இதில் பாதி வேலை. எப்படின்னு ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

முதலில் வேலை, அப்புறம் கோர்ஸ்

கோயம்புத்தூரில் மோட்டார் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனம்னு வச்சுக்கோங்க. மூன்று கிளைகள். அக்கவுன்ட்ஸில் நான்கு பேர், அதில் நீங்க ஒருத்தர். நீங்க கேட்கப்போவது எக்செல் கோர்ஸ். அதிலும் குறிப்பாக 'பவர் க்வெரி' சொல்லித்தரும் கோர்ஸ். பல ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் வசதி அது.

இந்த டீமின் தலைவலி ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி ஆரம்பிக்கும். சப்ளையர்கள் போட்ட பில்களின் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி, அன்றுதான் ஜி.எஸ்.டி தளத்தில் வரும். அதில் இருக்கும் பில்லுக்குத்தான் உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்க முடியும். 20-ம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் ஆறு நாளில், 2பி-யில் உள்ள ஒவ்வொரு பில்லையும் தங்களுடைய கொள்முதல் பதிவோடு பொருத்திப் பார்க்கணும். மூன்று கிளையும் மூன்று விதமான எக்செல் ஃபைல் அனுப்புகின்றன. ஒன்றில் பில் நம்பர் முதல் பத்தியில், இன்னொன்றில் கடைசிப் பத்தியில்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'இதனால நிறைய நேரம் வீணாகுது சார்' என்று எழுதிவிடுவார்கள். நிறைய என்றால் எவ்வளவு? ஒரே ஒரு மாதம், 14 முதல் 20 வரை, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்க. உதாரணத்துக்கு, இரண்டு பேர் சேர்ந்து 40 மணி நேரம் செலவிடுகிறீர்கள். மூன்று கிளை ஃபைலை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர 10, பில்களைப் பொருத்த 14, பொருந்தாத பில் ஏன் பொருந்தலைன்னு தேட 8, சப்ளையருக்கு போன் போட 8.

இப்படிப் பிரித்ததும் ஒரு உண்மை தெரியவரும். கோர்ஸ் உதவப்போவது முதல் இரண்டு வேலைக்கு, அதாவது 24 மணி நேரத்துக்கு மட்டும்தான். சப்ளையருக்கு நீங்கதான் போன் போடணும், எக்செல் போடாது!

அடக்கமான கணக்கே நம்ப வைக்கும்

அந்த 24 மணி நேரமும் மிச்சமாகும் என்றும் எழுதாதீங்க. 16 மணி நேரம் என்று வையுங்க. சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்து, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 150 ரூபாய் வருகிறது என்றால், மாதத்துக்கு 2,400 ரூபாய் மதிப்புள்ள நேரம் மிச்சம்.

இப்போ செலவு. கோர்ஸ் ஃபீஸ் 18,000 ரூபாய், அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி 3,240. ஃபீஸை நீங்க கட்டிவிட்டு பிறகு கிளெய்ம் செய்தால், ரசீது உங்க பெயரில் வரும், அந்த 3,240 ரூபாய் போனது போனதுதான். அதுவே நிறுவனத்தின் பெயரிலும் ஜி.எஸ்.டி எண்ணிலும் பில் வாங்கினால், வேலைக்கான பயிற்சி என்பதால் பொதுவாக அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். பயிற்சி மையம் ஜி.எஸ்.டி-யில் பதிவு செய்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்க.

வகுப்பு 24 மணி நேரம், அதுவும் ஆபீஸ் நேரத்தில் என்றால், அந்த நேரமும் செலவுதான். 24 மணி நேரத்துக்கு 3,600 ரூபாய். இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். நீங்களே சேர்த்துக் காட்டினால், மற்ற எண்களும் நம்பகமாகத் தெரியும். மொத்தம் 21,600 ரூபாய். மாதம் 2,400 வீதம், ஒன்பது மாதத்தில் போட்ட பணம் திரும்பும்.

'ஒன்பது மாசமா? 40 மணி நேரமும் மிச்சம்னு போட்டா நாலு மாசத்துக்குள்ள வந்துடுமே?' என்று தோன்றும். வேண்டாம். அந்த வேலையைத் தெரிந்த மேனேஜர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதோடு, முதல் இரண்டு மாதம் பழைய முறையிலும் புதிய முறையிலும் செய்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கணும். அந்த மாதங்களில் வேலை கூடத்தான் செய்யும். பலன் மூன்றாவது மாதத்திலிருந்துதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், நடுவில் யாரும் 'என்னாச்சு உங்க கோர்ஸ்?' என்று கேட்க மாட்டார்கள்.

இன்னொரு செலவும் ஒளிந்திருக்கும். பவர் க்வெரி, எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கிறது. `Data` பகுதியில் `Get Data` அல்லது `New Query` என்று இருக்கிறதா என்று உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாருங்க. அதைவிடப் பழைய எக்செல் என்றால், புது லைசென்ஸ் தேவைப்படுமா என்று பார்த்து, தேவைப்பட்டால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கணும்.

மிச்சமான நேரத்தில் என்ன செய்வீங்க?

முதலாளி கேட்கக்கூடிய கஷ்டமான கேள்வி இது: '16 மணி நேரம் மிச்சம்னா, உன் சம்பளத்துல 2,400 குறையுமா?' குறையாது. நேரம் மிச்சமானால் பணப்பெட்டியில் காசு கூடிவிடாது. அந்த நேரத்தை எதற்குப் பயன்படுத்துவீங்க என்று சொன்னால்தான் அது பலன்.

இந்த உதாரணத்தில் பதில் தெளிவாகவே இருக்கிறது. பேரிங் சப்ளையர் ஒருவர் `TX/0457` என்று பில் போடுகிறார். கிளையில் அதை `TX-457` என்று பதிகிறார்கள். 2பி-யோடு அது பொருந்தாது. 19-ம் தேதி இரவு அவசரத்தில் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடுவார்கள். ஒரு லட்சம் ரூபாய் பில் என்றால் 18,000 ரூபாய் வரிக் கழிவு ஒரு மாதம் தள்ளிப்போகிறது. அந்தத் தொகையை இந்த மாதம் கையிலிருந்து கட்டணும். பொருத்தும் வேலை 16-ம் தேதியே முடிந்தால், இந்த மாதிரி பில்களை நிதானமாகத் தேட நான்கு நாள் கிடைக்கும்.

கடந்த மூன்று மாதத்தில் இப்படித் தள்ளிப்போன பில்கள் எத்தனை, எவ்வளவு தொகை என்று எடுத்து ஒரு வரியில் போடுங்க. ஒன்பது மாதக் கணக்கைவிட இந்த ஒரு வரிதான் முதலாளியை நிமிர்ந்து உட்காரவைக்கும்.

'யூடியூப்ல இல்லையா? டாலியிலயே இருக்கே?'

இரண்டுமே நியாயமான கேள்விகள். 2பி-யோடு ஒப்பிடும் வசதி டாலியிலேயே உண்டு. எல்லா பில்லும் ஒரே டாலியில் இருந்தால், இந்த கோர்ஸ் தேவைப்படாமலே போகலாம். கிளைகள் வேறு வேறு சாஃப்ட்வேரில் பில் போடுவதால்தான் இங்கே தேவை வருகிறது. உங்க ஆபீஸில் எந்த நிலை என்று பார்த்துவிட்டுக் கேளுங்க.

யூடியூபைப் பொறுத்தவரை, முதலில் அதைப் பார்த்தே 50 பில்லை வைத்து முயற்சி செய்யுங்க. 'இதுவரை வந்தது, இங்கே மாட்டிக்கிட்டேன்' என்று காட்டினால், கோர்ஸ் எதற்கு என்பது தானாகப் புரியும். சில சமயம் மாட்டாமலே முடிந்துவிடும். அப்போ 18,000 ரூபாய் மிச்சம், பெயரும் உங்களுக்கு! ஒரு எச்சரிக்கை: சந்தேகம் கேட்க கம்பெனி ஃபைலை அப்படியே பயிற்சி மையத்துக்கு அனுப்பாதீங்க. சப்ளையர் பெயர், ஜி.எஸ்.டி எண், தொகை எல்லாவற்றையும் மாற்றிய மாதிரி ஃபைல் போதும்.

டீமுக்கு என்ன கிடைக்கும்?

'கத்துக்கிட்டு எல்லாருக்கும் சொல்லித் தர்றேன்' என்பது எல்லோரும் எழுதும் வரி. அதற்குப் பதில், தேதியோடு கையில் கொடுக்கக்கூடிய மூன்று விஷயங்களைச் சொல்லுங்க. எல்லோரும் பயன்படுத்தக்கூடிய ஒரே எக்செல் ஃபைல். அதை எப்படி இயக்குவது என்று இரண்டு பக்கக் குறிப்பு. டீமில் இன்னொருவர், நீங்க பக்கத்தில் இல்லாமல் ஒரு மாத வேலையைத் தனியாக முடித்துக்காட்டுவது. மூன்றாவதுதான் முக்கியம். 'இவர் வேலையை விட்டுப் போயிட்டா?' என்ற, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு அதுதான் பதில்.

மெயில் இப்படி இருக்கட்டும்

மேனேஜர் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் மேலே ஃபார்வர்டு செய்யும்படி எழுதுங்க.

> வணக்கம் சார்,
>
> மாதாந்தர 2பி ஒப்பீட்டுக்கு இப்போது இரண்டு பேருக்கு 40 மணி நேரம் ஆகிறது. கடந்த மூன்று மாதத்தில் (எண்ணிக்கை) பில்களின் வரிக் கழிவு, (தொகை) ரூபாய், அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.
>
> பவர் க்வெரி பயிற்சியால் மாதம் சுமார் 16 மணி நேரம் குறையும். அந்த நேரத்தில் பொருந்தாத பில்களை 20-ம் தேதிக்கு முன்பே சரிசெய்வோம். செலவு: ஃபீஸ் 18,000, வேலை நேரம் 3,600 (ஜி.எஸ்.டி தனி; பில் நிறுவனத்தின் பெயரில்). பலன் மூன்றாவது மாதத்திலிருந்து தெரியும்.
>
> பயிற்சி முடிந்த மூன்று மாதத்துக்குள், டீமில் இன்னொருவர் இதைத் தனியாகச் செய்வார். 50 பில்லில் செய்து பார்த்த மாதிரி ஃபைலை இணைத்திருக்கிறேன். 25-ம் தேதிக்குள் உங்கள் முடிவு கிடைத்தால், அடுத்த பேட்ச்சில் சேரலாம்.

இந்த மெயிலை 14-க்கும் 20-க்கும் நடுவில் அனுப்பாதீங்க, மார்ச் மாதக் கணக்கு முடிப்பிலும் வேண்டாம். தாக்கல் முடிந்த மறுநாள், அந்த மாதத்தின் அலைச்சல் எல்லோருக்கும் நினைவில் இருக்கும்போது அனுப்புங்க. பயிற்சிக்கென பட்ஜெட் ஒதுக்கும் நிறுவனம் என்றால், ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கும் முன், ஜனவரி, பிப்ரவரியிலேயே பேச்சைத் தொடங்கணும்.

'இப்போ முடியாது' என்று பதில் வந்தால், தடை பணமா, நேரமா, நம்பிக்கையா என்று கேளுங்க. நேரம்தான் பிரச்னை என்றால் ஞாயிறு வகுப்பு. பணம் என்றால் பாதி இப்போ, மீதி அந்த இன்னொருவர் தனியாகச் செய்துகாட்டிய பிறகு. நம்பிக்கை என்றால் இத்தனை மாதம் வேலையை விடக்கூடாது என்று பாண்ட் கேட்பார்கள். கையெழுத்துக்கு முன் இரண்டு விஷயம் பாருங்க: திருப்பித் தரவேண்டிய தொகை கோர்ஸ் செலவுக்கு மேல் போகக்கூடாது, நீங்க வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் அது குறைந்துகொண்டே வரணும். 18,000 ரூபாய் கோர்ஸுக்கு இரண்டு வருஷம் கட்டிப்போடும் பாண்ட் என்றால், பேசாமல் உங்க காசிலேயே படிச்சிடுங்க!