சனியா, ஞாயிறா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் நாடகப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். பெயர் கொடுத்த இரண்டு குழுக்கள் வரவே இல்லை. மறுநாள் காலை அட்டைக் கிரீடத்தோடு வந்து பூட்டிய கேட்டின் முன் நின்றிருக்கிறார்கள். அறிவிப்பில் தேதி சனிக்கிழமைக்கு உரியது. கிழமை மட்டும் ஞாயிறு என்று இருந்தது. பாதிப்பேர் தேதியை நம்பினார்கள், மீதிப்பேர் கிழமையை.

அதற்காகக் கிழமையை விட்டுவிடக் கூடாது. பெற்றோர் மனத்தில் வாரம் கிழமைகளாகத்தான் ஓடுகிறது. இரண்டையும் எழுதி, நாட்காட்டியை வைத்து ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

பள்ளி அறிவிப்பு பலகையில் ஒட்டப்படுவதோடு முடிவதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, பிள்ளை காதால் கேட்டு, வீட்டில் போய்ச் சொல்கிறது. நீண்ட முன்னுரைக்குள் புதைந்த தேதி அந்தப் பயணத்தில் தொலைந்துபோகும். ஆகவே விவரங்களை இப்படித் தனித்தனி வரியாக வைப்பது நல்லது:

நாடகப் போட்டி
நாள்: 22.8.2026, சனிக்கிழமை
நேரம்: காலை 9.30 (குழுக்கள் 8.45க்குள் வர வேண்டும்)
இடம்: பள்ளிக் கலையரங்கம், நூலகக் கட்டடம், முதல் மாடி
பங்கேற்போர்: 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, குழுவுக்கு அதிகம் 8 பேர்
நாடக நேரம்: 12 நிமிடம், மேடை அமைத்துக் கலைப்பது உட்பட
பெயர் கொடுக்கக் கடைசி நாள்: 7.8.2026, வெள்ளிக்கிழமை, மாலை 4 மணி
தொடர்புக்கு: போட்டிப் பொறுப்புத் தமிழாசிரியர், ஆசிரியர் அறை, மதிய உணவு இடைவேளை

கீழே தலைமையாசிரியர் கையொப்பமும் அறிவிப்பு வெளியிட்ட தேதியும் வரும். அந்தத் தேதியைப் போட்டித் தேதியென்று யாரும் படித்துவிடாதபடி சற்றுத் தள்ளி எழுத வேண்டும்.

இதில் அதிகம் தகராறு கிளப்புவது 'உட்பட' என்ற சொல்தான். அது இல்லாவிட்டால், கட்டிலும் திரையும் தூக்கிவரும் குழு மேடை அமைக்கவே 5 நிமிடம் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கடிகாரம் ஓட வேண்டும் என்று வாதிடும். மதியத்துக்குள் முடிய வேண்டிய போட்டி மாலைவரை இழுக்கும். கடைசியாக ஏறும் பிள்ளைகள் காலி நாற்காலிகளுக்கு நடிக்க நேரும்.

தொடர்பு வரியில் 'விவரங்களுக்கு அலுவலகத்தை அணுகவும்' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை அலுவலக வாசலில் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிவிடும். யாரை, எங்கே, எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று சொன்னால் துணிந்து போகும். வெளியூர்க் குழுக்களையும் அழைத்தால் பள்ளித் தொலைபேசி எண்ணும் தேவை. ஒட்டுவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பலகைக்குப் போகுமுன் அறிவிப்பை ஒரு மாணவியிடம் வாசித்துக் காட்டி, தாளை மறைத்துக்கொண்டு, "என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே வருவே?" என்று கேளுங்கள். அவள் தடுமாறுகிற வரியைத் திருத்தி எழுதுங்கள்.