சாத்தாராவின் 1914-ஆம் எண்

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா நகரில் பிரதாப்சிங் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அப்போது அதற்கு அரசு உயர்நிலைப் பள்ளி என்று பெயர். அதன் பழைய சேர்க்கைப் பதிவேட்டில், 1900 நவம்பர் 7-ஆம் தேதி, 1914-ஆம் எண்ணில் ஒரு சிறுவன் சேர்ந்திருக்கிறான். பெயர்: பீவா ராம்ஜி அம்பேத்கர். வகுப்பு: முதலாம் ஆங்கில வகுப்பு. பெயருக்கு எதிரே சிறுவனின் கையெழுத்தும் உண்டு. அந்த நாளைத்தான் 2017 முதல் மகாராஷ்டிர அரசு மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது.

அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையில் நாள், எண், வகுப்பு மூன்றும் இப்படி ஒன்றாகக் கிடைக்கும் இடம் அரிது. அதற்கு முந்தைய நான்கைந்து வருடங்களை எழுத வருகிறவர்கள் நினைவுகளையும் கணக்குகளையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. காரணம் அப்பாவின் வேலை.

அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். மத்திய இந்தியாவில் இருக்கும் மவ் கன்டோன்மென்ட்டில் அவர் பணியில் இருந்தபோதுதான் 1891 ஏப்ரல் 14-ஆம் தேதி கடைசிப் பிள்ளை பீவா பிறந்தான். பிள்ளைக்கு இரண்டு மூன்று வயதாகும்போது அப்பா ஓய்வு பெற்றார். சொந்த மாவட்டமான ரத்னகிரியில் இருக்கும் தாபோலிக்குக் குடும்பத்தை அழைத்துப் போனார். அங்கேயே தங்கிவிடலாம் என்பது எண்ணம். ஆனால் அது கைகூடவில்லை. பென்ஷன் பணம் பெரிய குடும்பத்துக்குப் போதாது. சாத்தாராவில் பொதுப்பணித் துறையில் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்ததும் வண்டி மறுபடி கிளம்பியது. அங்கே போன கொஞ்ச நாளில் அம்மா பீமாபாய் இறந்துபோனார்.

பையன் ஐந்து வயதில் தாபோலியில் பள்ளிக்குப் போகத் தொடங்கினான் என்று வாழ்க்கை வரலாறு எழுதிய தனஞ்சய் கீர் சொல்கிறார். அடுத்தது சாத்தாராவில் முகாம் பள்ளி. அதன் பிறகுதான் உயர்நிலைப் பள்ளி. பின்னர் பம்பாயில் மராத்தா உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள், கடைசியாக எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. பதினாறு வயதுக்குள் ஐந்து பள்ளிகள். ஒவ்வொரு பள்ளியும் தன் வாசலுக்குள் நடந்ததை மட்டுமே எழுதி வைக்கும். அடுத்த பள்ளிக்கு எப்போது போனான், இடையில் எத்தனை மாதம் வீட்டில் இருந்தான் என்பதெல்லாம் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது.

இடைவெளி இருந்தால் அதைத் தப்பான தகவல் வந்து நிரப்பிவிடும். அம்பேத்கர் பற்றிய பல குறிப்புகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: 1897-இல் குடும்பம் பம்பாய் போனது, அங்கே எல்பின்ஸ்டன் பள்ளியில் சேர்ந்தார். படிக்கையில் நெருடவே செய்யாது. ஆனால் 1897-இல் அந்தப் பையனுக்கு வயது ஆறு. ஆறு வயதில் உயர்நிலைப் பள்ளியா? மூன்று வருடம் கழித்து அதே பையன் சாத்தாராவில் முதலாம் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருக்கிறானே?

கணக்கை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். அன்றைய பம்பாய் மாகாணத்தில் தாய்மொழியில் ஆரம்பப் படிப்பு முடித்த பிறகு ஆங்கில வகுப்புகள் தொடங்கும். மொத்தம் ஏழு வகுப்புகள். ஏழாவதன் முடிவில் மெட்ரிகுலேஷன். 1900-இன் இறுதியில் முதல் வகுப்பு என்றால், எங்கும் தடங்காமல் போனால் 1907-இல் மெட்ரிக். அவர் மெட்ரிக் தேறியது 1907-இல்தான். அம்பேத்கரே தன் கையால் எழுதிய நினைவுக் குறிப்பில், 1904 வரை சாத்தாராவில் இருந்தோம் என்கிறார். பதிவேடு, வகுப்புக் கணக்கு, சொந்த வாக்குமூலம் மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. 1897 தனியாக நிற்கிறது.

சொந்த வாக்குமூலம் என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? அங்கேயும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அந்தக் குறிப்பு 1935-36 வாக்கில் எழுதப்பட்டது. அதில் மறக்க முடியாத ஒரு பயணம் வருகிறது. அப்பா வேலை நிமித்தம் மறுபடி வெளியூரில் இருக்கிறார். பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசாங்கம் கோரேகாவ் என்ற இடத்தில் குளம் வெட்டுகிறது, அதில் அவர் காசாளர். விடுமுறைக்கு அவரிடம் போகப் பிள்ளைகள் ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். வருகிறோம் என்று எழுதிய கடிதத்தை வேலையாள் அப்பாவிடம் கொடுக்க மறந்துவிட்டதால் கூட்டிப்போக ஆள் வரவில்லை. மகார் சாதி என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவன் சம்மதிக்கிறான், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான் என்ற நிபந்தனையோடு. கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவு முழுக்கப் பட்டினி.

இதை ‘ஏறக்குறைய 1901’ என்று தேதியிடும் அம்பேத்கர், அப்போது தனக்கு ஒன்பது வயது என்றும் சொல்கிறார். 1891 ஏப்ரலில் பிறந்தவருக்கு 1901 கோடை விடுமுறையில் பத்து வயது ஆகிவிட்டது. ஒன்பது என்பதைப் பிடித்துக்கொண்டால் அது 1900 கோடை. 1899-1900இல் பம்பாய் மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது என்பதும் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் நிவாரண வேலைகள் பஞ்சத்தோடு நின்றுவிடுவதில்லை, அடுத்த வருடமும் நீளலாம். முப்பத்தைந்து வருடம் கழித்து எழுதுகிறவருக்கு நடந்தது துல்லியமாக நினைவிருக்கிறது, வருடம் மட்டும் ஒன்று முன்பின்னாக நழுவுகிறது. ‘ஏறக்குறைய’ என்று அவரே போட்டுவைத்த சொல்லைத்தான் பின்னால் எடுத்து எழுதியவர்கள் பலர் விட்டுவிட்டார்கள்.

பெயர் விஷயத்திலும் ஊர் மாற்றத்தின் தடம் உண்டு. குடும்பப் பெயர் சக்பால். பூர்வீக கிராமம் அம்பாடவே என்பதால் அம்பாடவேகர் என்று அப்பா பள்ளியில் எழுதிக் கொடுத்தார், கிருஷ்ணாஜி கேசவ் அம்பேத்கர் என்ற ஆசிரியர் அதைத் தன் பெயராகவே மாற்றினார் என்பது பரவலான கதை. மதிய இடைவேளையில் பையனுக்குச் சாப்பாடு கொடுத்த ஒரு அம்பேத்கர் ஆசிரியரைப் பற்றிக் கீரும் எழுதுகிறார். ஆனால் சாத்தாராப் பதிவேட்டில் சேர்க்கை வரியிலேயே அம்பேத்கர் என்று இருக்கிறது. அப்படியானால் மாற்றம் முந்தைய பள்ளியிலேயே நடந்திருக்க வேண்டும், அல்லது சேர்க்கை அன்றே நடந்திருக்க வேண்டும். முகாம் பள்ளியின் ரிஜிஸ்டர் கையில் இருந்தால் ஒரே பார்வையில் தீர்ந்துவிடும் கேள்வி இது. அந்த ஒரு வரியில் பீவாவுக்கு அடுத்து என்ன பெயர் எழுதியிருந்தது என்று பார்த்தால் போதும்.