ஊசிக்குள் ஒரு குமிழி!

ஏப்ரல் 15, மருத்துவ ஆய்வகத் தினம். ‘லேப்காரங்களுக்கு நன்றி சொல்லிப் பேசுங்க சார்’ என்று கூப்பிட்டார்கள். நான் பேசியது இது:

நண்பர்களே, நோயாளி பிழைத்தால் டாக்டருக்குக் கும்பிடு. ‘இத்தனை ரத்தமா எடுப்பாங்க?’ என்ற திட்டு மட்டும் உங்களுக்கு!

2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வந்தார்கள். குடித்தது மெத்தனால். அது உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணைப் பறிக்கும், அப்புறம் உயிரை.

மெத்தனாலை நேரடியாக அளக்கும் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? கழித்தல் கணக்குதான்! சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் சாதாரணமாக 12-க்குள் நிற்கும். ஒருவருக்கு சோடியம் 140, குளோரைடு 100, பைகார்பனேட் 8 என்று வையுங்கள். மிச்சம் 32! கணக்கில் வராத அமிலம் ஏதோ உள்ளே ஒளிந்திருக்கிறது. சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும்கூட இப்படிச் செய்யும் என்பதால், கீட்டோனும் கிரியேட்டினினும் பார்த்து அவற்றை நீங்கள் விலக்கித் தருகிறீர்கள். டயாலிசிஸ் பண்ணுவதா என்று நாங்கள் முடிவெடுப்பது அதற்கப்புறம்தான்.

இதில் எங்கே கோட்டை விடலாம்? தமனியில் எடுத்த ரத்தத்தோடு சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கினால் போதும். ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அதற்குள் தப்பி ஓடிவிடும். அமிலம் குறைவு என்று மெஷின் சத்தியம் செய்யும். மாதிரியை அரைமணிக்கு மேல் மேஜையில் போட்டு வைத்தாலோ கதை தலைகீழ்! ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடும். இல்லாத அமிலமும் இருப்பதாகத் தெரியும். அதனால்தான் குமிழியைப் பார்த்ததும், ‘இது வேண்டாம், வேற எடுத்து அனுப்புங்க’ என்று திருப்பி அனுப்புகிறீர்கள். எங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்! அனுப்புங்கள்.

இன்னொன்று. குடித்த கொஞ்ச நேரத்தில் வந்தவருக்கு இந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். மெத்தனால் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். கூடவே சாதாரணச் சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தாமதம். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று வீட்டுக்குக் கிளம்புகிறவரை உட்கார வைத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது மாதிரி வரும்போது பெரும்பாலும் நடுராத்திரி. அப்போதும் சலிக்காமல் குமிழி தேடும் கண்களுக்கு என் நன்றி!

பேசி முடித்து இறங்கியதும் ஒரு தம்பி காதோரம் வந்தார்: ‘‘சார், நன்றி இருக்கட்டும். சீட்டுல ரத்தம் எடுத்த நேரத்தை எழுதச் சொல்லுங்க சார்!’’

நியாயம்தானே?