கூட்டுறவுச் சங்கத்திலிருந்து விலகுதலும் பங்குத் தொகையைத் திரும்பப் பெறுதலும்

பங்குத் தொகையைத் திரும்பப் பெறுதல் என்பது, கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் தம் உறுப்பினர் நிலையை முடித்துக்கொண்டு, சங்கத்தின் பங்கு மூலதனத்தில் தாம் செலுத்தியிருந்த தொகையைச் சங்கத்திடமிருந்தே பெற்றுக்கொள்ளும் நடைமுறை ஆகும். பொது நிறுமம் ஒன்றின் பங்குகளை வைத்திருப்பவர் அவற்றைச் சந்தையில் வேறொருவருக்கு விற்று வெளியேறுகிறார். நிறுமத்தின் மூலதனம் அதனால் குறைவதில்லை. கூட்டுறவுச் சங்கப் பங்கிற்குச் சந்தை இல்லை. எனவே வெளியேறுபவருக்குச் சங்கமே பணம் தர வேண்டியுள்ளது. சங்கத்தின் மூலதனமும் அந்த அளவு குறைகிறது. இந்நடைமுறையைச் சுற்றியுள்ள கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

இக்கட்டுரை தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர்ப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நடைமுறையை விளக்குகிறது.

## பங்கு எவ்வாறு சேர்கிறது

உறுப்பினர் பலர் முதலீடு செய்யும் நோக்கத்துடன் பங்கு வாங்குவதில்லை. அவர்கள் கடன் வாங்கச் செல்கின்றனர். கடனுடன் பங்கும் சேர்ந்துவிடுகிறது. கடன் தொகையில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பங்காகப் பிடித்துக்கொள்ளும் இம்முறை பங்கு இணைப்பு எனப்படும். நகரக் கூட்டுறவு வங்கிகளில் பிணையமற்ற கடனுக்கு 5 விழுக்காடும், பிணையமுள்ள கடனுக்கு 2.5 விழுக்காடும் நெடுங்காலமாக வழக்கில் இருந்துவரும் அளவுகள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் இந்த அளவைத் துணைவிதிகளில் காணலாம்.

கடன் அடைந்ததும் கடன் கணக்கு முடிகிறது. உறுப்பினர் நிலை அதனுடன் முடிவதில்லை. பங்கு சங்கத்திலேயே தங்கிவிடுகிறது. கடனைக் கட்டி முடித்தவர் விண்ணப்பிக்காத வரை பங்குத் தொகை தானாகத் திரும்பி வராது. தமிழ்நாட்டில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. தள்ளுபடியானது கடன் மட்டுமே. அக்கடனுக்காகப் பிடிக்கப்பட்ட பங்கு உறுப்பினரின் பெயரிலேயே நீடிக்கிறது. பழைய கடன் ஏட்டுடன் பங்குச் சான்றிதழையும் எறிந்துவிட்டவர்கள் உறுப்பினர் பதிவேட்டில் தம் பெயரைத் தேடிப் பார்ப்பது நன்று.

நுழைவுக் கட்டணம் இதில் சேராது. அது சங்கத்தின் வருமானம். விலகும்போது திரும்பத் தரப்படுவதில்லை.

## வைப்புத் தொகையிலிருந்து வேறுபாடு

வைப்புத் தொகை சங்கம் உறுப்பினருக்குத் தர வேண்டிய கடன். பங்குத் தொகையோ சங்கத்திற்கு நட்டம் வந்தால் முதலில் கரையும் பணம். ஆகவே விலகும் உறுப்பினர் ஒருவருக்குப் பங்குத் தொகையைக் கொடுத்தால், எஞ்சியிருப்போரும் வைப்பாளர்களும் நம்பியிருக்கும் காப்பு அந்த அளவு மெலிகிறது.

கணக்கியலாளர்களுக்கும் இது சிக்கலான வினாவாக இருந்தது. உறுப்பினர் கேட்டவுடன் தர வேண்டிய பணத்தை மூலதனம் என்பதா, கடன் என்பதா? பன்னாட்டுக் கணக்கியல் விளக்கக் குழு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாவது விளக்கம் இதற்கு விடை கூறியது. திருப்பித் தர மறுக்கும் நிபந்தனையற்ற உரிமை சங்கத்திற்கு இருந்தால், அல்லது சட்டமோ துணைவிதியோ திருப்பித் தருவதை நிபந்தனையின்றித் தடை செய்தால் அது மூலதனம், இல்லையேல் பொறுப்பு. சங்கச் செயலாளர் பணத்தைத் தரத் தயங்குவது எப்போதும் அலட்சியத்தால் மட்டுமே அன்று என்பது இதனால் விளங்கும்.

நகரக் கூட்டுறவு வங்கிகளில் இக்கட்டுப்பாடு எண்ணாகவே வரையறுக்கப்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டில் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், ரிசர்வ் வங்கி குறிப்பிடும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே இவ்வங்கிகள் பங்கு மூலதனத்தைக் குறைக்க முடியும். அந்நிபந்தனைகளின்படி, வங்கியின் மூலதனப் போதுமை விகிதம் 9 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தந்த பின்னரும் அந்த அளவிற்குக் கீழே இறங்கக் கூடாது. வங்கி இந்த அளவைத் தாண்டாவிட்டால், உறுப்பினரின் தாள்கள் யாவும் சரியாக இருந்தாலும் பணம் கிடைக்காது. "உங்கள் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது" என்ற பதில் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது வங்கியின் ஆண்டறிக்கையில் உள்ள இந்த விகிதத்தையே.

## எந்தச் சட்டம் பொருந்தும்

போடிநாயக்கனூரில் இவ்வினா பிற ஊர்களைவிடக் கூடுதல் முதன்மை பெறுகிறது. 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் சேர்ந்தன. போடியில் வீடும் போடிமெட்டிற்கு அப்பால் ஏலத்தோட்டமும் உடையவர்கள் உண்டு. அவர்கள் இரு மாநிலச் சங்கங்களிலும் உறுப்பினராக இருக்கலாம்.

உறுப்பினர் வாழும் இடமோ தோட்டத்தின் இடமோ இதை முடிவு செய்வதில்லை. சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியுள்ளது என்பதே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் பதிவான சங்கத்திற்கு 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் 1988ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். இடுக்கி மாவட்டத்தில் பதிவான சங்கத்திற்கு 1969ஆம் ஆண்டின் கேரளக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் பொருந்தும். இரு மாநிலங்களிலும் இயங்குவதற்கென்றே பதிவான சங்கமாயின் 2002ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் பொருந்தும். சங்கத்தின் முத்திரையிலும் கடிதத்தாளிலும் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு இதை அறியலாம். தவறான மாநிலத்துப் பதிவாளரிடம் முறையிடுவது வீண் அலைச்சல்.

## நடைமுறை

முதலில் துணைவிதிகளின் படி ஒன்றைப் பெற வேண்டும். விலகுவதற்கான அறிவிப்புக் காலம், பங்கை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஓராண்டில் மொத்த மூலதனத்தில் எவ்வளவு வரை திருப்பித் தரலாம் போன்றவை சங்கத்திற்குச் சங்கம் வேறுபடும்.

விண்ணப்பத்தில் உறுப்பினர் எண், பங்குகளின் எண்ணிக்கை, விலகுவதற்கான காரணம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பங்குச் சான்றிதழையும் நிலுவையின்மைச் சான்றையும் இணைக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை தேதியுடன் இருத்தல் இன்றியமையாதது. நிர்வாகக் குழு இதைத் தீர்மானமாக ஏற்க வேண்டும். குழு இல்லாத காலத்தில் செயலாட்சியர் அந்த இடத்தில் இருந்து முடிவெடுப்பார். தீர்மானத்திற்குப் பின் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் நீக்கப்பட்டுப் பணம் வழங்கப்படும்.

எல்லாப் பங்குகளையும் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. கடனுக்காகப் பிடிக்கப்பட்ட கூடுதல் பங்குகளை மட்டும் துணைவிதி இடம் தரும் அளவிற்குத் திரும்பப் பெற்று, ஒரு பங்குடன் உறுப்பினராகத் தொடரலாம். மீண்டும் கடன் தேவைப்படக்கூடியவர்களுக்கு இவ்வழியே பொருத்தமானது.

பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஜாமீன் ஆகும். உறுப்பினர் தம் கடனை அடைத்திருப்பார். ஆனால் அண்டை வீட்டாரின் கடனுக்குப் பிணையாளராகக் கையொப்பமிட்டிருப்பார். அக்கடன் தீரும் வரை அல்லது வேறொரு பிணையாளர் ஏற்கப்படும் வரை அவரை விடுவிக்கச் சங்கம் மறுக்கும். கடன் பதிவேட்டில் தம் பெயர் யார் யாருடைய கடனில் உள்ளது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டறிதல் நேரத்தை மிச்சப்படுத்தும்.

## ஒரு கணக்கு

போடிநாயக்கனூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் மானாவாரி நிலம் வைத்திருந்த விவசாயி ஒருவரைக் கற்பனையாகக் கொள்வோம். 100 ரூபாய் மதிப்புள்ள ஒரு பங்குடன் சங்கத்தில் சேர்ந்தார். பின்னர் 60,000 ரூபாய் கடன் வாங்கியபோது, அச்சங்கத்தின் துணைவிதிப்படி 10 விழுக்காடாகிய 6,000 ரூபாய்க்கு 60 பங்குகள் சேர்ந்தன. இப்போது நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூரில் உள்ள மகனிடம் செல்கிறார். அவர் பெயரில் 61 பங்குகள், அதாவது 6,100 ரூபாய் உள்ளது. வட்டியில் 350 ரூபாய் பாக்கி.

சங்கத்தின் கடைசித் தணிக்கை அறிக்கையில் பங்கு மூலதனம் 40 இலட்சம், சேம நிதி 5 இலட்சம், திரண்ட நட்டம் 9 இலட்சம் என்றிருந்தால் நிகர மதிப்பு 36 இலட்சம். ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் பின்னால் 90 ரூபாய் மட்டுமே உள்ளது. தணிக்கை அறிக்கையின்படி மதிப்பிட வேண்டும் என்று துணைவிதி கூறினால், 61 பங்குகளின் மதிப்பு 5,490 ரூபாய். பாக்கியைக் கழித்து அவர் பெறுவது 5,140 ரூபாய்.

இனி அதே சங்கம் நட்டமின்றி 20 இலட்சம் சேம நிதியுடன் இருப்பதாகக் கொள்வோம். நிகர மதிப்பு 60 இலட்சம். ஒரு பங்கின் பின்னால் 150 ரூபாய் உள்ளது. ஆயினும் அவருக்குக் கிடைப்பது பங்கொன்றிற்கு 100 ரூபாயே. பாக்கி போக 5,750 ரூபாய். இழப்பில் பங்கு உண்டு, வளர்ச்சியில் இல்லை என்பது முதன்முறை காண்போருக்கு அநீதியாகத் தோன்றும். சேம நிதி எந்தத் தனி உறுப்பினருக்கும் உரியதன்று, சங்கத்திற்கு உரியது என்பதே கூட்டுறவின் நிலைப்பாடு. செருமானியக் கூட்டுறவுச் சட்டத்தின் 73ஆவது பிரிவும், விலகுபவருக்குச் சேம நிதியில் உரிமையில்லை என்று கூறி, அவருடைய பங்குக் கணக்கில் உள்ளதை ஆறு மாதத்திற்குள் தரச் சொல்கிறது. அவ்வாறன்றேல், சங்கம் செழித்த ஆண்டில் உறுப்பினர் அனைவரும் விலகிச் சேம நிதியைப் பிரித்துக்கொள்ள இயலும்.

## விலகிய பின்னும் தொடரும் பொறுப்பு

1912ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் வகுத்த அடிப்படைகளைப் பின்னர் வந்த மாநிலச் சட்டங்கள் பல தழுவின. அதன் 23ஆவது பிரிவின்படி, விலகிய நாளில் சங்கத்திற்கு இருந்த கடன்களுக்கான உறுப்பினரின் பொறுப்பு மேலும் இரண்டு ஆண்டுகள் தொடரும். இறந்தவரின் சொத்தைப் பொறுத்தவரை இக்காலம் ஓராண்டு. இக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து அன்றி, உறுப்பினர் நிலை முடிந்த நாளிலிருந்தே எண்ணப்படும். ஆகவே தீர்மானத்தின் தேதியை எழுத்தில் பெற்று வைத்திருக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 20ஆவது பிரிவு, உறுப்பினர் தர வேண்டியதைப் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும் முதலுரிமையைச் சங்கத்திற்குத் தந்தது. 21ஆவது பிரிவோ, உறுப்பினரின் வெளிக்கடன்களுக்காக நீதிமன்றம் பங்கைப் பற்றுகை செய்ய முடியாது என்றது. கடைவீதியில் வட்டிக்குக் கொடுத்தவர் பங்கின்மீது கை வைக்க முடியாது, சங்கம் வைக்கலாம்.

## மறுக்கப்பட்டால்

மறுப்பைக் காரணத்துடன் எழுத்தில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுச் சங்கமாயின், உறுப்பினருக்கும் சங்கத்திற்கும் இடையிலான இத்தகைய பிணக்குகள் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 90ஆவது பிரிவின் கீழ்ப் பதிவாளர் முன் செல்லும். நடைமுறையில் சரகத் துணைப் பதிவாளர் அலுவலகத்தை அணுக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சங்கத்திற்கே விண்ணப்பிப்பது பெரும்பாலும் பயன் தராது. தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அரசின் உரிமையிலோ கட்டுப்பாட்டிலோ கணிசமான நிதியிலோ இயங்காத கூட்டுறவுச் சங்கம் அச்சட்டத்தின் கீழ்ப் பொது அதிகார அமைப்பு ஆகாது எனத் தீர்ப்பளித்தது. ஆனால் பதிவாளர் அலுவலகம் பொது அதிகார அமைப்பே. பதிவாளர் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய தகவலை அவ்வலுவலகம் வழியாகக் கேட்கலாம்.

## தொழிற்சங்கத்தில்

தோட்டத் தொழிலாளர் தொழிற்சங்கத்திலிருந்து விலகும்போதும் "கட்டிய பணம் திரும்ப வருமா" என்ற வினா எழுவதுண்டு. தொழிற்சங்கத்தில் பங்கு மூலதனம் என்பதே இல்லை. உறுப்பினர் செலுத்துவது சந்தா. அது பொது நிதியில் சேர்ந்து செலவாகிவிடும். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் 2001இல் செய்யப்பட்ட திருத்தம் சந்தாவின் குறைந்தபட்ச அளவாக ஊரகத் தொழிலாளருக்கு ஆண்டிற்கு 1 ரூபாய் என வைத்தது. விலகுபவர் இதைத் திரும்பக் கேட்க இயலாது. தொழிற்சங்கமே கலைக்கப்பட்டால், எஞ்சிய நிதியைப் பகிர்வது பற்றி அதன் விதிகள் எதுவும் கூறாதபோது, பதிவாளர் அதை உறுப்பினர்களுக்குப் பிரித்தளிப்பார் என்று அச்சட்டத்தின் 27ஆவது பிரிவு கூறியது.