மூன்று மீட்டர் ராடில் எத்தனை புஷ்?

25 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் ராடு ஒன்று, நீளம் 3 மீட்டர். அதிலிருந்து 40 மி.மீ. நீளத்தில், நடுவே 16 மி.மீ. துளையுள்ள புஷ்களைக் கடைந்து எடுக்க வேண்டும். ஒரு ராடில் எத்தனை வரும்? மூவாயிரத்தை நாற்பதால் வகுத்து 75 என்று சொல்லிவிடலாம். கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ ஒரு லேத் பட்டறையில் இதைக் கேட்டால், கணக்குத் தெரிந்தவர் எழுபதைத் தாண்டமாட்டார். 64 என்பதுதான் அவர் சொல்லும் எண்ணாக இருக்கும். இந்தப் பதினொன்று எங்கே போயிற்று?

லேத்தில் சக்கில் பிடித்த ராடு சுழல்கிறது. முதலில் அதன் முகத்தைச் சீவிச் சமன் செய்கிறார்கள். இதற்கு ஃபேசிங் என்று பெயர். பிறகு துளை போட்டு, வெளிப்புறத்தைக் கடைந்து, கடைசியில் பார்ட்டிங் டூல் என்ற ஒல்லியான வெட்டுளியை உள்ளே செலுத்தி புஷ்ஷை ராடிலிருந்து அறுத்தெடுக்கிறார்கள். அந்த டூலின் அகலம் 3 மி.மீ. என்றால், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் 3 மி.மீ. இரும்பு சீவலாகிக் கீழே விழுகிறது. முன்பக்க ஃபேசிங்குக்கு அரை மி.மீ., அறுபட்ட புஷ்ஷைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்தைச் சுத்தம் செய்ய இன்னொரு அரை மி.மீ. ஆக, 40 மி.மீ. புஷ் ஒன்றுக்கு ராடு கொடுப்பது 44 மி.மீ. இது பீஸுக்குப் பீஸ் ஆகும் செலவு. இதைப் பலரும் சரியாகவே சேர்த்துவிடுகிறார்கள்.

கணக்கு தடுமாறுவது ராடுக்கு ராடு ஆகும் செலவில். கடையிலிருந்து வரும் ராடின் முனை பெரும்பாலும் நசுங்கியோ கோணலாகவோ இருக்கும். அதைச் சீராக்க 10 மி.மீ. விட்டால் மிச்சம் 2990. அடுத்தது, சக் பிடித்துக்கொள்ள இடம் வேண்டும். தாடைகளுக்குள் 40 மி.மீ., தாடையில் டூல் இடிக்காமலிருக்க இன்னும் 10. இந்த 50 மி.மீ. கடைசித் துண்டாக சக்கிலேயே நின்றுவிடும்.

அதோடும் முடியவில்லை. மூன்று மீட்டர் ராடை அப்படியே லேத்துக்குள் செருக முடியாது. ஸ்பிண்டில் துளை வழியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம், வேகமாகச் சுழலும்போது வளைந்து வீசி ஆளையே அடித்துவிடும். ராடு முழுவதையும் தாங்கிப் பிடிக்கும் பார் ஃபீடர் இல்லாத பட்டறையில், முதலில் பேண்ட்சாவில் மூன்றாக அறுத்துக்கொள்வார்கள். இரண்டு அறுப்பு, ஒவ்வொன்றிலும் பிளேடு தின்பது சுமார் ஒன்றரை மி.மீ. இரண்டுக்கும் சேர்த்து 3 போனால் மிச்சம் 2987. பிளேடு தின்றது அற்பம்தான். ஆனால் இப்போது சக்கில் நிற்கும் கடைசித் துண்டு ஒன்றல்ல, மூன்று. 150 மி.மீ. அங்கே போய்விடுகிறது.

மூன்றாக அறுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2987-ஐச் சமமாகப் பிரித்தால் ஒரு துண்டு ஏறத்தாழ 995.6 மி.மீ. அதில் கடைசித் துண்டுக்கான 50-ஐக் கழித்து 44-ஆல் வகுத்தால் 21.49. அரை புஷ் என்று ஒன்று கிடையாது, 21 தான். மூன்றுக்கும் 63. ஒவ்வொரு துண்டிலும் இருபது மி.மீ.க்கு மேல் எதற்கும் உதவாமல் நிற்கிறது. அந்த மிச்சங்களை ஒரே இடத்தில் சேர்க்க முடிந்தால் இன்னொரு புஷ் கிடைக்கும். அதற்கு வழி, நீளத்தைச் சமமாகப் பிரிக்காமல் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிப்பது. 22 புஷ்ஷுக்கு 1018 மி.மீ. வேண்டும், 21 புஷ்ஷுக்கு 974. முதல் துண்டை 1018-லும் இரண்டாவதை 974-லும் அறுத்தால், மூன்றாவது துண்டு 995 மி.மீ. நிற்கும். அதிலும் 21 வரும். மொத்தம் 64. கூடுதல் செலவு ஒன்றுமில்லை. சாக்பீஸ் கோட்டை வேறு இடத்தில் போட்டதற்கு ஒரு ராடுக்கு ஒரு புஷ் லாபம்.

இந்த எண்ணிக்கை சரக்கு வாங்கும்போது எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். ஆர்டர் 1000 புஷ். ராடுக்கு 75 என்று நம்பியவர் 14 ராடு வாங்குவார். அவர் கையில் 896 புஷ்தான் சேரும். இன்னொருவர் கொஞ்சம் கவனமானவர். ஒன்றுக்கு 44 மி.மீ., ஆயிரத்துக்கு 44 மீட்டர், மூன்றால் வகுத்தால் 14.67, ஆகவே 15 ராடு என்கிறார். அவருக்கும் 960 தான் கிடைக்கும். மொத்த மீட்டரை வகுக்கும் கணக்கு, ஒரு ராடின் மிச்சத்தை அடுத்த ராடோடு ஒட்டிவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறது. ராடு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கீழ்முழு எண்ணை எடுத்த பிறகே பெருக்க வேண்டும். 16 ராடு, 1024 புஷ். கூடுதலாக நிற்கும் 24, வேலையில் கெட்டுப்போகும் பீஸ்களுக்கு ஈடு.

விலை சொல்லும்போதும் இதே கணக்குதான். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் ஸ்டீல் ராடின் எடை கிலோவில் வரும் என்பது பட்டறைகளில் பழகிய சூத்திரம். நம் ராடு சுமார் 11.57 கிலோ. அதை 75-ஆல் வகுத்தால் புஷ்ஷுக்கு 154 கிராம். 64-ஆல் வகுத்தால் 181. முதல் எண்ணை வைத்து விலை சொன்னவர், ஒவ்வொரு புஷ்ஷிலும் 27 கிராம் இரும்பைச் சொந்தக் காசில் போடுகிறார்.

பார்ட்டிங் டூலை 2 மி.மீ. ஆக்கினால் என்ன? இந்த வேலைக்கு அது முடியும். நடுவில் துளை இருப்பதால் டூல் நாலரை மி.மீ. ஆழம்தான் இறங்க வேண்டும். கெட்டி ராடின் மையம் வரை இறங்க வேண்டுமென்றால் ஒல்லி டூல் ஒரு பக்கம் ஒதுங்கி, அறுபட்ட முகம் குழிந்தோ புடைத்தோ வரும், உடையவும் செய்யும். அப்போது மிச்சம் பிடித்த ஒரு மி.மீ. ஃபேசிங்கிலேயே தொலைந்துவிடும். இங்கே ஒரு புஷ்ஷுக்கு 43 மி.மீ. ஆகிறது. பயன்படும் நீளம் 2837. 66 புஷ்ஷுக்குத் தேவை 2838. ஒரே ஒரு மி.மீ. பற்றாமல் 65-இல் நிற்கிறது. முனையில் 10-க்குப் பதில் 9 வெட்டினால் 66 என்று காகிதம் சொல்லும். பிளேடு ஓர் அறுப்பில் சற்று விலகினாலே அது போய்விடும் என்பதால் 65 என்று எண்ணுவதே நல்லது. 1000 புஷ் ஆர்டருக்கு இரண்டிலும் 16 ராடுதான் வேண்டும்.

பேண்ட்சா பிளேடு தின்னும் அகலத்தைப் பிளேடின் கனத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பற்கள் இருபுறமும் வளைத்து விடப்பட்டிருப்பதால் 0.9 மி.மீ. பிளேடும் ஒன்றரை மி.மீ. வழி போடும். ஒரு பழைய துண்டின் நீளத்தை அளந்து, பத்து இடத்தில் அறுத்து, துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, குறைந்ததைப் பத்தால் வகுத்தால் உண்மை தெரியும். பிளேடு தேயத் தேய அறுப்பும் கோணலாகும். ஃபேசிங் முடிந்த முகத்தில் ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் பிறை வடிவில் ரம்பத் தடமும் நின்றால், விட்ட அரை மி.மீ. போதவில்லை என்று அர்த்தம். அந்தத் துண்டில் இன்னும் சீவ வேண்டியிருக்கும். மிச்சம் 21 மி.மீ. இருக்கும் மூன்றாவது துண்டு இதைத் தாங்கும். சரியாக அளந்து அறுத்த முதல் இரண்டும் தாங்காது. அங்கே அறுப்பு முகம் நேராக இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்துவிட்டே லேத்துக்கு அனுப்ப வேண்டும்.

சக்கில் நின்ற 50 மி.மீ. துண்டுகளையும் புஷ்ஷாக்கலாமே என்று தோன்றும். நீளம் போதும்தான். ஆனால் அதைப் பாதி கடைந்து, திருப்பிப் பிடித்து மீதியைக் கடைய வேண்டும். வெளிவிட்டமும் துளையும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும் என்று டிராயிங் கேட்டால், இரண்டு பிடியில் செய்த புஷ் அதில் தேறுவது கடினம். அப்படி ஒரு நிபந்தனை இல்லாத டிராயிங்கில் மட்டுமே 16 ராடின் 48 துண்டுகளையும் எண்ணிக்கையில் சேர்க்கலாம்.